கச்சானோடு நின்றுவிடாத பெயர்: வன்னியில் கம்பனி தொடங்குவோருக்கு

ஏ9 வீதியால் போகிற பஸ்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். இறங்கிக் கும்பிட்டவர்கள் கச்சான் பையோடுதான் திரும்பி ஏறுவார்கள். அந்தப் பக்கத்தில் கச்சான் வறுத்து விற்கிற ஒருவர் தொழிலைப் பதியலாம் என்று நினைத்தால் பெயருக்கு யோசிக்கவே மாட்டார். "முறிகண்டிக் கச்சான்" என்று போட்டுவிடலாம். சனத்துக்குத் தெரிந்த ஊர், தெரிந்த சாமான். முதல் வருசம் அந்தப் பெயர் நன்றாகவே ஓடும். எள்ளுருண்டை பிடிக்கத் தொடங்கி, பிறகு மிளகாய்த்தூளும் இடித்து, வவுனியாக் கடைகளுக்குப் போடும்போதுதான் அது இடிக்கத் தொடங்கும்.

கச்சான் தொழில் செய்கிற ஒரு அக்காவுக்குப் பதிவு வேலைகளில் உதவியபோது நாங்கள் பெயர் தேடிய முறையை வைத்தே இதை எழுதுகிறேன். பால், கருவாடு, தேன், பனம்பொருள், தையல் என்று வன்னியில் தொடங்கும் எந்தச் சிறு தொழிலுக்கும் அதே முறை பொருந்தும். நெல்லு ஆலை மட்டும்தான் வாழ்நாள் முழுக்க என்று உறுதியாக இருப்பவர்கள் இதைப் படிக்கத் தேவையில்லை. "இன்னார் நெல்லு ஆலை" என்று போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

முதலில் பெயரை விடுங்கள், சாமான்களை எழுதுங்கள்

பெயர் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை, அடுத்த நாலைந்து வருசத்தில் நீங்கள் விற்கக்கூடிய சாமான்கள்தான் தீர்மானிக்கும். அதனால் ஒரு கொப்பித் தாளில் அவற்றை எழுதுங்கள். ஆசைக்கு எழுதக்கூடாது. புதுச் சாமான் ஒரு தொழிலுக்குள் வருவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான் உண்டு, அந்த மூன்றிலும் போய்ப் பாருங்கள்.

ஒன்று, இருக்கிற மெசின். கச்சான் வறுக்கிற தாச்சியில் கடலையும் வறுக்கலாம், உழுந்தும் வறுக்கலாம். வறுத்த உழுந்தை அரைத்தால் மா. பை ஒட்டுகிற மெசினுக்கு உள்ளே என்ன போகிறது என்று தெரியாது.

இரண்டு, இருக்கிற விவசாயி. கச்சான் தருகிறவரிடமே எள்ளும், பயறும், கௌப்பியும் இருக்கும். ஒரு போகம் கச்சான் பிழைத்தால் அவர் உங்களிடம் எள்ளு மூட்டையோடு வந்து நிற்பார். வாங்கினால் நல்லெண்ணெய் வரும்.

மூன்று, இருக்கிற வாடிக்கையாளர். பஸ்ஸால் இறங்குகிறவருக்குக் கச்சான் வேண்டும், தண்ணீர்ப் போத்தல் வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகப் பனங்கட்டியும் ஒடியலும் வேண்டும்.

அக்காவின் தாளில் பதினைந்துக்குக் கிட்ட வந்தது. அவருடைய மகன் சீமெந்தையும் சேர்த்து எழுதினார். சீமெந்துக்கும் கச்சானுக்கும் மேலே சொன்ன மூன்று வழியிலும் தொடர்பு இல்லை, அதை வெட்டினோம். தண்ணீர்ப் போத்தலையும் வெட்டினோம். அதை வாங்கி விற்கலாமே தவிர அவருடைய பெயரில் வரப்போவதில்லை. மிஞ்சியது வறுத்தது, இடித்தது, ஆட்டியது, பாகு பிடித்தது. எல்லாமே சாப்பாட்டுச் சாமான், எல்லாமே உலர்ந்தது அல்லது போத்தலில் அடைக்கக்கூடியது. பெயர் தாங்க வேண்டிய பாரம் இவ்வளவுதான். இந்த எல்லை தெரியாமல் பெயர் தேடப் போகிறவர்கள் ஒன்றில் "கச்சான்" என்று ஒடுங்கிவிடுவார்கள், அல்லது "குளோபல் என்டர்பிரைசஸ்" என்று ஊதிப் போவார்கள்.

ஊதிப்போன பெயருக்கும் கேடு உண்டு. "என்டர்பிரைசஸ்", "ரேடிங்", "இன்டர்நஷனல்" என்று முடியும் பெயர்கள் எதையும் தடுக்காதுதான். எதையும் சொல்லவும் சொல்லாது. கிளிநொச்சிச் சந்தையில் அந்தப் போர்டைத் தாண்டிப் போகிறவருக்கு உள்ளே இரும்பு விற்கிறார்களா இனிப்பு விற்கிறார்களா என்று தெரியாது. கடைசியில் சனம் தாங்களே ஒரு பெயர் வைத்துவிடும், "கச்சான்காரற்ற கடை" என்று. நீங்கள் காசு கட்டிப் பதிந்த பெயர் பில் புத்தகத்தில் மட்டும் இருக்கும்.

ஒரு பெயர் இல்லை, மூன்று

அக்கா என்னோடு வாதாடிய இடம் இதுதான். "தம்பி, சனத்துக்கு விளங்கோணும். கச்சான் எண்டு போட்டால்தான் விளங்கும். நீங்கள் சொல்லுற பேரைப் பாத்தால் வாசிகசாலை மாதிரிக் கிடக்கு" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. வாங்க வருகிறவருக்கு உடனே விளங்கத்தான் வேண்டும். அந்த வேலையைக் கம்பனியின் பெயர்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை, அவ்வளவுதான்.

ஒரு பைக்கற்றை எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று பெயர்கள் இருக்கும். பின்பக்கம், சின்ன எழுத்தில், உற்பத்தி செய்தவர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர். முன்பக்கம் மேலே பிராண்ட் பெயர். அதற்குக் கீழே சாமானின் பெயர், "உப்புக் கச்சான்" என்று. மூன்றாவதை மாற்ற லேபல் அடிக்கிற செலவு மட்டும்தான். இரண்டாவதை மாற்றினால் வாடிக்கையாளரின் பழக்கத்தை இழப்பீர்கள். முதலாவதை மாற்றினால் வங்கி, வரி, உரிமம் என்று ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்க வேண்டும். ஆகவே குறுகலான சொல் எதுவாக இருந்தாலும் அது மூன்றாவது இடத்தில் போய் இருக்கட்டும். அங்கே "கச்சான்" என்று எவ்வளவு பெரிதாகவும் போடுங்கள்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. எலிபன்ட் ஹவுஸ் சோடாவும் ஐஸ்கிறீமும் விற்கிற கம்பனி 1866 இல் தொடங்கியபோது அதன் பெயர் "கொழும்பு ஐஸ் கம்பனி". ஊரும் உள்ளே, சாமானும் உள்ளே. ஐஸ்கட்டியைத் தாண்டித் தொழில் வளர்ந்த பிறகு, 1941 இல் அது "சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ்" ஆனது. இன்றைக்கும் கடையில் யாரும் கோல்ட் ஸ்டோர்ஸ் சோடா கேட்பதில்லை, யானைப் பெயரைத்தான் கேட்கிறார்கள். யானைக்கு ஐஸ் என்றும் தெரியாது, சொசேஜஸ் என்றும் தெரியாது. அதனால் எல்லாவற்றிலும் ஏறி நிற்க முடிந்தது.

மலிபனும் அப்படித்தான். கொழும்பு புறக்கோட்டையில் உள்ள ஒரு தெருவின் பெயர் அது. பிஸ்கட் என்று அதில் எங்கும் இல்லாததால் பிறகு பால்மாப் பெட்டியிலும் அந்தப் பெயர் பொருந்தியது. சிங்கர் 1877 இலிருந்து இலங்கையில் இருக்கிறது. எங்கள் அம்மம்மாமாருக்கு சிங்கர் என்றால் தையல் மெசின்தான். ஆனால் அது தொடக்கியவரின் குடும்பப் பெயர். அதே பெயரில் பிரிட்ஜும் ரீவியும் விற்றபோது யாருக்கும் இடறவில்லை. "சிங்கர் தையல் மெசின் கடை" என்று போர்டில் நின்றிருந்தால் இடறியிருக்கும்.

குறுகல் எங்கே ஒளிந்திருக்கும்

சாமானின் பெயர் குறுக்குகிறது என்பது எல்லோருக்கும் உடனே பிடிபடும். மற்ற இரண்டையும்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

ஒன்று ஊர்ப்பெயர். ஊர் சேர்ப்பதே பிழை என்று நான் சொல்லமாட்டேன். வன்னித் தேன், வன்னி அரிசி என்றால் கொழும்பில் இருக்கிற எங்கட சனம் ஒரு கை கூடக் கொடுத்து வாங்கும். கேள்வி என்னவென்றால், அந்த ஊர் எவ்வளவு தூரம் உங்களோடு வரும் என்பதுதான். "முறிகண்டி" என்றால் கச்சானுக்குப் பெருமை, மிளகாய்த்தூளுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. "வன்னி" என்றால் ஓரளவு எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் அந்தச் சொல்லை ஏற்கெனவே எத்தனையோ கடைகள் பிடித்து வைத்திருக்கின்றன, ஆங்கிலத்தில் Vanni என்றும் Wanni என்றும் இரண்டு மாதிரி எழுதி. புதிதாக வருகிறவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் நிற்பார். இன்னொன்று, மிளகாய் வன்னியில் கிடைக்காத மாதத்தில் தம்புள்ளையிலிருந்து இறக்கி இடித்தால், பைக்கற்றில் வன்னி என்று நிற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதாகிவிடும்.

மற்றது செய்முறைச் சொல். "இயற்கை", "ஓர்கானிக்", "கைக்குத்து", "வீட்டுத் தயாரிப்பு". தொடக்கத்தில் இவை உண்மையாகவே இருக்கும். தொழில் வளர்ந்து, கையால் இடித்தது மெசினுக்கு மாறினால் "கைக்குத்து" என்ற கம்பனி என்ன செய்யும்? சாமானின் பெயரால் குறுகிய கம்பனிக்குச் சங்கடம் மட்டும்தான். செய்முறையால் குறுகிய கம்பனி, மாறிய அன்றே பொய் சொல்லத் தொடங்குகிறது. ஓர்கானிக் என்பதற்குத் தரச்சான்றிதழும் கேட்பார்கள், அது எந்தச் சாமானுக்கு எடுத்ததோ அதற்கு மட்டும்தான் செல்லும். அந்தச் சொல்லை அந்தச் சாமானின் லேபலில் போடுங்கள். போர்டில் வேண்டாம்.

வாயால் சொல்லிச் சோதித்தல்

பெயர்கள் நாலைந்து கையில் வந்ததும், முதல் தாளில் எழுதிய சாமான்களை ஒவ்வொன்றாக அவற்றின் பின்னால் ஒட்டிச் சத்தமாகச் சொல்லுங்கள். எழுதிப் பார்த்தால் போதாது. அக்காவின் பட்டியலில் நின்ற பெயர்களை இப்படித்தான் கழித்தோம்.

"வன்னிக் கச்சான் மிளகாய்த்தூள்." சொன்னவுடனேயே அக்கா சிரித்துவிட்டார். தூளுக்குள் கச்சான் போட்டு இடித்தது போல இருக்கிறது. இது சிரிப்போடு முடிகிற விசயமும் இல்லை. கச்சான் ஒவ்வாத பிள்ளை இருக்கிற வீட்டில் "கச்சான்" என்ற எழுத்தைக் கண்டால் அந்தப் பைக்கற்றைத் திருப்பி வைத்துவிடுவார்கள், பின்னால் என்ன எழுதியிருந்தாலும். நல்லெண்ணெய்ப் போத்தலில் அந்தப் பெயர் இருந்தால் கச்சான் எண்ணெய் கலந்தது என்ற சந்தேகம் வேறு.

"வன்னி இயற்கை உணவுகள்." மேலே சொன்ன செய்முறைச் சிக்கல். அதோடு, இந்த மூன்று சொல்லையும் யாரும் எந்த ஒழுங்கிலும் போட்டுக் கடை திறக்கலாம்.

"மருதம் ஃபூட்ஸ்." அகலம் சரி, காதுக்கும் இனிமை. ஆனால் மருதம் என்ற பெயரில் எத்தனை கடை, எத்தனை மண்டபம், எத்தனை விழா மலர்! தேடினால் நீங்கள் கடைசியில்தான் வருவீர்கள்.

"பாலையடி." இது அக்காவின் கணவர் சொன்னது. அவர்கள் வளவுக்குப் பக்கத்தில் நிற்கிற பாலை மரத்தை வைத்து. வன்னிக் காட்டைத் தெரிந்தவர்களுக்குப் பாலைப்பழக் காலம் நினைவு வரும், தெரியாதவர்களுக்கு ஒரு ஊர்ப்பெயர் போலக் கேட்கும். பாலையடிக் கச்சான், பாலையடி நல்லெண்ணெய், பாலையடி ஒடியல்மா, பாலையடி மிளகாய்த்தூள். ஒன்றும் இடறவில்லை. பாலைப்பழத்தை அவர் விற்காததும் நல்லதுதான், சாமானும் பெயரும் மோதாது.

அதிலும் ஒரு குறை இருந்தது. ஆங்கிலத்தில் Palaiyadi என்று எழுதி, கொழும்பிலிருந்து வந்த ஒரு லொறிக்காரரிடம் வாசிக்கச் சொன்னோம். "பளையா? ஆனையிறவுக்கு அங்கால?" என்றார். பளையும் இதே ஏ9 இல்தான் இருக்கிறது, Pallai என்று எழுதுவார்கள். சாமான் பளையிலிருந்து வருகிறது என்று கடைக்காரர்கள் நினைத்துக்கொண்டால் பிறகு ஒவ்வொரு ஓடரிலும் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் Paalaiyadi என்று இரண்டு a போட்டு முடிவு செய்தோம். ஒருமுறை முடிவு செய்த எழுத்துக்கூட்டை வங்கிப் புத்தகத்திலும், சீலிலும், லேபலிலும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு எழுத்து வித்தியாசத்தில் காசோலை திரும்பி வரும்.

பின்னால் "ஃபூட்ஸ்" சேர்ப்பதா என்று கொஞ்சம் இழுபறி. சேர்த்தால் சாப்பாடு என்று விளங்கும். பனையோலைப் பெட்டியோ விதைக் கச்சானோ விற்க வந்தால் பொருந்தாது. "புரொடக்ட்ஸ்" என்றால் இரண்டும் அடங்கும், ஆனால் சப்பென்று இருக்கும். என்னைக் கேட்டால், மூலப்பெயர் பலமாக இருந்தால் பின்சொல்லே தேவையில்லை. அவர்கள் தாளில் சாப்பாட்டுச் சாமான் தவிர வேறு இல்லாததால் "ஃபூட்ஸ்" என்று வைத்தார்கள், அதுவும் சரிதான்.

பதியமுன் தேட வேண்டிய இடங்கள்

தனி ஆளாகவோ பங்காளிகளாகவோ தொழில் செய்வதென்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு, அதற்குப் போக வேண்டியது பிரதேச செயலகம். கம்பனியாகப் பதிவதென்றால் கொழும்பிலுள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களம், அதை eroc.drc.gov.lk என்ற தளத்தில் செய்யலாம். இவை இரண்டும் வெவ்வேறு பதிவேடுகள். பிரதேச செயலகத்தில் நீங்கள் பதிந்த பெயரை நாளை மாத்தறையில் ஒருவர் கம்பனியாகப் பதிந்தால் உங்கள் பதிவு அதைத் தடுக்காது. இப்போது தனி ஆளாகத் தொடங்கி, பிறகு கம்பனி ஆக்குகிற எண்ணம் இருந்தால், முதல் நாளே eroc தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். கணக்கு வைத்திருக்கத் தேவையில்லை. எழுத்துக்கூட்டை மாற்றி மாற்றித் தேட வேண்டும், Palayadi, Palaiyady, Paalaiyadi என்று. பிறகு அதே பெயரைப் பேஸ்புக்கிலும் தேடுங்கள், ஏனென்றால் பதியாமல் ஓடுகிற கடைகள் அங்கேதான் இருக்கும்.

கம்பனிச் சட்டம் (2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம்) சில சொற்களை நினைத்தபடி போட விடாது. ஏற்கெனவே உள்ள கம்பனியின் பெயரையே வைக்க முடியாது. "நஷனல்", "ஸ்ரேட்", "ஸ்ரீ லங்கா", "பிரசிடென்ட்", "கோஒப்பரேட்டிவ்", "சொசைட்டி" போன்ற சொற்களுக்கு விசேட அனுமதி வேண்டும். வன்னியில் பலர் பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்தும் மகளிர் சங்கங்களிலிருந்தும் வெளிக்கிட்டுத் தொழில் தொடங்குவதால் பெயரில் "கூட்டுறவு" என்று சேர்க்கப் பார்ப்பார்கள். கம்பனிக்கு அது சரிவராது. தனியார் கம்பனி என்றால் பெயரின் கடைசியில் "(பிரைவேட்) லிமிட்டெட்" வரும், அது சட்டம்.

பெயரை அகலமாக வைத்துவிட்டுப் படிவத்தில் குறுக்கிக்கொள்ளல்

இதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். பெயர் அழகாக, அகலமாக இருக்கும். வியாபாரப் பெயர்ப் பதிவுப் படிவத்தில் "வியாபாரத்தின் தன்மை" என்று கேட்கிற இடத்தில் "கச்சான் விற்பனை" என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டு வருவார்கள். அந்த இரண்டு சொல்லும் சான்றிதழில் ஏறிவிடும். பிறகு எண்ணெய் ஆட்டுகிற மெசினுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், மேசையில் இருக்கிறவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு "இது கச்சான் வியாபாரம்தானே?" என்பார். திரும்பப் பிரதேச செயலகம் போய் மாற்றத்தை அறிவித்துத் திருத்த வேண்டும்.

அந்த இடத்தில் உங்கள் முதல் தாளை ஒரே வரியாகச் சுருக்கி எழுதுங்கள். அக்காவுக்கு எழுதியது: "தானியங்கள், எண்ணெய் வித்துக்கள், வாசனைப் பொருட்கள் மற்றும் பனம்பொருட்களைப் பதப்படுத்தல், பொதிசெய்தல், மொத்த மற்றும் சில்லறை விற்பனை." கச்சான் அதற்குள் எண்ணெய் வித்தாக இருக்கிறது, இன்னும் தொடங்காதவையும் இருக்கின்றன. செய்ய நினைக்காத எதையும் எழுதவில்லை. எழுதினால் கிராம அலுவலரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அதைப்பற்றியும் கேட்பார்கள், பிரதேச சபையின் வியாபார உரிமத்திலும் அது வந்து நிற்கும்.

கம்பனியாகப் பதிகிறவர்களுக்கு இதே பொறி அமைப்பு விதிகளில் இருக்கிறது. 2007 சட்டத்தின்படி கம்பனி இன்ன தொழில்தான் செய்யும் என்று விதிகளில் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. எழுதாவிட்டால் எந்தச் சட்டபூர்வமான தொழிலும் செய்யலாம். எழுதினால் அதுவே வேலியாகிவிடும். செயலாளர் நிறுவனங்கள் பழைய மாதிரி விதிகளை அப்படியே கொப்பி பண்ணித் தருவதுண்டு. கையெழுத்து வைக்கமுன் "நோக்கங்கள்" என்ற பகுதி இருக்கிறதா, அதில் தொழிலைக் கட்டுப்படுத்துகிற வசனம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிராண்டைக் காப்பாற்றல்

கம்பனிப் பெயரைப் பதிந்தால் பிராண்ட் பாதுகாப்பாகிவிடும் என்று நினைக்கக்கூடாது. அதற்கு வியாபாரக் குறி என்று தனியாக, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் அது வருகிறது. பத்து வருசத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

குறுகலான பெயரின் இன்னொரு நட்டம் இங்கேதான் தெரியவரும். சாமானின் வகையையும் அது வந்த இடத்தையும் மட்டுமே சொல்கிற பெயரைச் சட்டம் வியாபாரக் குறியாக ஏற்காது. "முறிகண்டிக் கச்சான்" அப்படியான பெயர். முறிகண்டியில் கச்சான் விற்கிற எவரும் அதைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். பக்கத்துக் கொட்டில்காரர் அதே பெயரில் பைக்கற் அடித்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. "பாலையடி"க்கு அந்தக் குறை இல்லை. கச்சானோடு அந்தச் சொல்லுக்கு ஒரு உறவும் இல்லை என்பதே அதன் பலம்.

வியாபாரக் குறி சாமான்களின் வகுப்புக்குப் பதியப்படும், மொத்தம் 45 வகுப்புகள். வறுத்த கச்சானும் நல்லெண்ணெயும் 29 ஆம் வகுப்பு. அரிசி, மா, மிளகாய்த்தூள், தேன் எல்லாம் 30. விதைக் கச்சான், பச்சைக் காய்கறி 31. சர்பத், சோடா 32. வகுப்புக்கு வகுப்பு கட்டணம் கட்ட வேண்டியிருப்பதால் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பதியத் தேவையில்லை. அக்காவுக்கு 29 முதலில். மிளகாய்த்தூள் தொடங்குகிற வருசம் 30. ஆனால் விண்ணப்பிக்கமுன் இரண்டு வகுப்பிலும் தேடிப் பார்த்துவிட வேண்டும். 29 இல் வெறுமையாக இருந்த பெயரை 30 இல் ஒரு தேயிலைக் கம்பனி வைத்திருந்தால், உங்கள் பெயர் எவ்வளவு அகலமாக இருந்தாலும் மிளகாய்த்தூளோடு முட்டி நின்றுவிடும்.

ஏற்கெனவே குறுகலாக வைத்தவர்கள்

அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். தனி ஆள் தொழில் என்றால், பதிந்த பெயரை அப்படியே விட்டு, புதுச் சாமான்களுக்கு மட்டும் அகலமான பிராண்ட் ஒன்றைத் தொடங்கலாம். பைக்கற்றின் முன்பக்கம் புதுப் பிராண்ட், பின்பக்கம் சின்ன எழுத்தில் பழைய பெயர். பெரும்பாலான கடைக்காரர்கள் பின்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பெரிய சுப்பர்மார்க்கற்றுகளுக்கும் ஏற்றுமதிக்கும் போகும்போதுதான் அவர்கள் பில்லிலும், 479 என்று தொடங்குகிற பார்கோட் பதிவிலும் உள்ள பெயரைப் பார்ப்பார்கள். மாற்றுவதென்றால் அந்தக் கட்டம் வருமுன் மாற்றுவது சுகம்.

கம்பனி என்றால் பெயர் மாற்றப் பங்குதாரர்களின் விசேட தீர்மானம் வேண்டும், அதாவது வாக்குகளில் நூற்றுக்கு 75. பதிவாளரின் அனுமதியும் வேண்டும். பெயர் மாறினாலும் கம்பனி அதே கம்பனிதான், பழைய கடன்களும் ஒப்பந்தங்களும் அப்படியே தொடரும். அலைச்சல் அதற்குப் பிறகுதான். வங்கிக் கணக்கு, உள்நாட்டு இறைவரி, ஊழியர் சேமலாப நிதி, பிரதேச சபை உரிமம், வாகனப் புத்தகம், கடை வாடகை ஒப்பந்தம் என்று பழைய பெயர் இருக்கிற ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு, புதுச் சான்றிதழின் பிரதியோடு போக வேண்டும். வங்கியை முதலில் முடியுங்கள், மற்ற இடங்களில் கட்டணம் கட்டக் காசோலை வேண்டும். பழைய வாடிக்கையாளருக்காக லேபலில் கொஞ்சக் காலம் "முன்னர் முறிகண்டிக் கச்சான்" என்று ஒரு வரி போடலாம். அல்லது அந்தப் பழைய பெயரையே கச்சான் பைக்கற்றில் சாமான் பெயராக இறக்கி வைத்துவிடலாம், அதன் இயல்பான இடம் அதுதான்.

லேபலை மட்டும், புதுப் பெயரோ மாற்றிய பெயரோ, சான்றிதழ் கைக்கு வருமுன் அடிக்கக் கொடுக்காதீர்கள். அச்சகத்தில் ஐயாயிரம் அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்று சொல்வார்கள், உண்மைதான். முதல் தடவைக்கு ஐந்நூறு போதும். அதிலும் ஒட்டுகிற ஸ்ரிக்கர் லேபலாக எடுங்கள், பைக்கற்றிலேயே அச்சடிப்பது பிறகு. மேலே பிராண்ட் பெயர் மட்டும் அடித்த லேபல் ஒன்றும், சாமானின் பெயரும் நிறையும் திகதியும் உள்ள சின்ன லேபல் ஒன்றும் என்று இரண்டாகப் பிரித்தால், எள்ளுருண்டை தொடங்குகிற அன்று சின்ன லேபலை மட்டும் அடித்தால் சரி.